அறுபத்து நாலு பக்கமும் ஒரு பக்கமும்

14.6.1993 – 200 பக்க நோட்டு ஒன்று – ரூ. 11.50
1.4.1999 – பகுதிநேர ஆராய்ச்சிப் பதிவுக் கட்டணம் – ரூ. 1,500.00
2000 முதல் 2005 வரை, ஏப்ரல் தோறும் – ஆண்டுக் கட்டணம், ஆறு முறை – ரூ. 6,000.00
22.8.2005 – கணினி அச்சு, 64 பக்கம் – ரூ. 960.00
7.1.2006 – பஸ், திண்டிவனம் போக வர – ரூ. 22.00
21.1.2006 – பஸ், திண்டிவனம் போக வர – ரூ. 22.00
4.2.2006 – பஸ், திண்டிவனம் போக வர – ரூ. 22.00
27.3.2006 – பதிவுத் தபால், ஒரு பக்கம் – ரூ. 22.00
மொத்தம் – ரூ. 8,559.50

விருத்தாசலம் விழுப்புரத்தில் ஓர் உதவி பெறும் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு ஆசிரியர். முதல் வரியில் உள்ள நோட்டை வாங்கியபோது அவருக்கு வயது நாற்பத்தொன்று. தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது அந்த வருஷம்தான். கோடை விடுமுறையில் ஆசிரியர்களுக்கு நடந்த பயிற்சியின் கடைசி நாள், சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பில், யாரும் தூங்கிவிடக் கூடாது என்பதற்காக ஒரு புதிர் போட்டார்கள். மற்றவர்கள் தூங்கினார்கள். விருத்தாசலத்துக்கு அன்றோடு தூக்கம் போயிற்று.

புதிர் இதுதான். சில புள்ளிகளைக் கோடுகளால் இணைக்க வேண்டும். எல்லாப் புள்ளிகளும் ஒன்றோடொன்று தொடர்பில் இருக்க வேண்டும். எங்கும் வளையம் விழக் கூடாது. கிளை விட்டுக் கிளை விட்டுப் போகும் அந்தப் படத்துக்கு மரம் என்று பெயர், புள்ளிகளுக்கு முனை என்று பெயர். ஐந்து கோடு இருந்தால் ஆறு முனை இருக்கும். அந்த ஆறு முனைக்கும் 0 முதல் 5 வரை ஆளுக்கோர் எண் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டின் மேலும் அதன் இரு முனை எண்களின் வித்தியாசத்தை எழுதினால், 1, 2, 3, 4, 5 எல்லாம் ஒவ்வொரு முறை மட்டும் வர வேண்டும். சின்ன மரங்களுக்குக் குழந்தைகளும் போட்டுவிடலாம். எந்த மரத்துக்கும், எத்தனை கோடு இருந்தாலும், இப்படி எண் கொடுக்க முடியுமா? முடியும் என்றே எல்லோரும் நம்புகிறார்கள். நிரூபித்தவர் யாரும் இல்லை.

நிரூபிக்கலாம் என்று விருத்தாசலத்துக்குத் தோன்றியது. ஆறு வருஷம் நோட்டுகளில் போட்டுப் பார்த்துவிட்டு, திண்டிவனத்தில் ஒரு கல்லூரிக் கணிதத் துறைத் தலைவர் ராஜாமணியை வழிகாட்டியாக வைத்து முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார். ஏழு வருஷத் தவணை. 31.3.2006-க்குள் ஆய்வுச் சுருக்கம் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் பதிவு ரத்து. அந்த வயதில் மறுபதிவும் கிடையாது. பள்ளியில் செய்தி பரவியதிலிருந்து தலைமை ஆசிரியர் மாரியப்பன் அவரை டாக்டரே என்றுதான் கூப்பிட்டார். ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால், "டாக்டரே, எனக்கு முட்டி வலிக்குது, பாருங்க" என்பார். விருத்தாசலமும் சிரித்துக்கொள்வார். பட்டம் வந்த பிறகு அந்தச் சொல்லில் கேலி இருக்காது என்று ஓர் எண்ணம்.

2005 ஆகஸ்டில் நிரூபணம் முடிந்தது. அறுபத்து நாலு பக்கம். அதை அவர் சரிபார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போகிறவர் அவர். அங்கே படிக்குப் படி மதிப்பெண். மேல் வரியிலிருந்து கீழ் வரி வருகிறதா? வந்தால் ஒரு மார்க். அடுத்த வரி. இருபத்து மூன்று வருஷம் அதே வேலை. சொந்த நிரூபணத்தையும் அப்படித்தான் திருத்தினார். சிவப்பு மைப் பேனாவை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு டிக். ஒரு தடவை அல்ல, நாலு தடவை. இரண்டாயிரத்துச் சொச்சம் வரிகளில் டிக் விழாத வரி ஒன்றுமில்லை.

சிக்கல் சுருக்கத்தில் வந்தது. விதி ஆறு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்றது. உத்தி என்ன, முக்கியப் படிகள் எவை, முடிவில் என்ன நிலைநாட்டப்பட்டது, இவ்வளவுதான் வேண்டும், கணக்கு வேலை வேண்டாம் என்றது. விருத்தாசலம் அனுப்பிய முதல் சுருக்கம் நாற்பத்தொரு பக்கம். ராஜாமணி திருப்பினார். அடுத்தது இருபத்தொன்பது. அதையும் திருப்பினார். எந்தப் படியை எடுத்தாலும் மார்க் குறையும் என்று விருத்தாசலத்தின் கை தயங்கியது. ஒரு வரியை விட்டால் அடுத்த வரி அந்தரத்தில் நிற்பதுபோல் இருந்தது.

ராஜாமணி அலுத்துப்போய், துறையில் விரிவுரையாளராக இருந்த இளவரசியிடம் கொடுக்கச் சொன்னார். மரக்காணம் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். நீளமான கட்டுரைகளை ஒரு பக்கத்தில் எழுதித் தருவதில் கெட்டிக்காரி என்று பேர். துறைக் கருத்தரங்கில் யார் என்ன பேசினாலும் கடைசியில் அவள் எழுந்து நாலு வாக்கியத்தில் சொல்லிவிடுவாள். பேசினவர்களுக்கே அப்போதுதான் விளங்கும் என்பது அங்கே நடமாடிய கிண்டல்.

7.1.2006 சனிக்கிழமை, விருத்தாசலம் அறுபத்து நாலு பக்கத்தையும் துணிப்பையில் வைத்து மடியிலேயே பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போய் அவளிடம் கொடுத்தார். ஒரு வரியும் விடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். அவள் சிரித்துவிட்டு, விடுவதற்குத்தானே சார் கொடுக்கிறீர்கள் என்றாள்.

பதினைந்தாம் நாள், 21-ஆம் தேதி, அவர் மறுபடி போனபோது அவள் மேசையில் அவருடைய கட்டு இருந்தது. பக்கங்களில் பென்சில் குறி ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் ஒரு பெரிய தாளில் பதினொரு கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு துணைத்தேற்றம், அதாவது பெரிய முடிவுக்குப் படியாகும் ஒரு சின்ன முடிவு. எது எதைத் தாங்குகிறது என்று அம்புக்குறிகள். அவள் படித்த விதமே வேறாக இருந்தது. ஒவ்வொரு துணைத்தேற்றத்திலும் முதல் வரி எதைக் கேட்கிறது, கடைசி வரி எதைத் தருகிறது, அது பிறகு எங்கே செலவாகிறது என்று மட்டும் பார்த்திருக்கிறாள். நடுவில் உள்ள கணக்கின் மேல் ஒரு அட்டையை வைத்து மூடிக்கொண்டாளாம்.

"கணக்கு சரின்னு உங்கள நம்பிட்டுத்தான் சார் படிச்சேன். ஒரு கூட்டல்கூட நான் போட்டுப் பாக்கல" என்றாள்.

பிறகு ஒற்றைத் தாளை அவர் முன்னால் தள்ளினாள். அதில் இப்படி இருந்தது:

"உத்தி: கோடுகளின் எண்ணிக்கையின் மேல் தொகுத்தறிதல். மரத்திலிருந்து ஓர் இலை முனையை (ஒரே கோடு மட்டும் சேரும் முனை) கழற்று. மீதி மரத்துக்கு எண் கொடு. இலையைத் திரும்ப மாட்டு.

முக்கியப் படி ஒன்று: n கோடுள்ள மரத்தில், திரும்ப மாட்டும் இலைக்குப் புதிய எண் n. புதிய கோட்டின் வித்தியாசமும் n ஆக வேண்டும். ஆகவே இலை ஒட்டும் முனையின் எண் 0 ஆக இருக்க வேண்டும்.

முக்கியப் படி இரண்டு: மீதி மரத்தில் நாம் விரும்பும் எந்த முனைக்கும் 0 வரும்படி எண்களை மாற்றி அமைக்கலாம்.

முக்கியப் படி மூன்று: ஆகவே இலை எங்கே ஒட்டினாலும் மாட்டலாம்.

நிலைநாட்டுவது: எல்லா மரங்களுக்கும் எண் கொடுக்கலாம்."

விருத்தாசலத்துக்கு முதலில் வந்தது கோபம். பதின்மூன்று வருஷ உழைப்பு ஒரு தாளில் பாதிகூட நிரம்பவில்லை. இரண்டாவது தடவை படித்தபோது கொஞ்சம் பெருமையாக இருந்தது. இவ்வளவு நேராகப் போகும் என்று அவரே நினைத்ததில்லை.

"சார், ஒண்ணு மட்டும் கேக்கணும்" என்றாள் இளவரசி. "எல்லா அம்பும் ரெண்டாவது படிக்குத்தான் வந்து சேருது. அதுக்கு ஆதாரம் எந்தப் பக்கம்?"

"முப்பத்தொண்ணு."

"முப்பத்தொண்ணுல, பதினேழாம் பக்கத்தின்படின்னு இருக்குது."

"ஆமா. பதினேழுல போட்டிருக்கேனே. ஒவ்வொரு எண்ணையும் n-லேருந்து கழிச்சா வித்தியாசம் எதுவும் மாறாது. n இருந்த எடத்துக்கு 0 வந்துடும்."

"அது சரி சார். அதுல 0 இருந்த எடமும் n இருந்த எடமும் மாறிக்கும். ரெண்டு முனைதான? மத்த முனைக்கு?"

அவர் பதினேழாம் பக்கத்தை எடுத்தார். சிவப்பு டிக்குகள் வரிசையாக இருந்தன. முப்பத்தொன்றை எடுத்தார். அங்கேயும் இருந்தன. இடையில் பதின்மூன்று பக்கம் கணக்கு. பதினெட்டாம் பக்க முதல் வரி பதினேழின் கடைசி வரியிலிருந்து வந்தது. பத்தொன்பது பதினெட்டிலிருந்து வந்தது. ஒவ்வொரு வரியும் தனக்கு மேல் வரியைப் பார்த்து டிக் வாங்கியிருந்தது. முப்பத்தொன்றையும் பதினேழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்த்ததில்லை. இரண்டு முனைக்குக் காட்டியதை அவர் எல்லா முனைக்கும் எடுத்துச் செலவழித்திருந்தார்.

வேறு எங்கேயாவது காட்டியிருப்பேன், பார்த்துச் சொல்கிறேன் என்றார். இளவரசிக்கு முகம் என்னவோ போலாகிவிட்டது. நான்தான் அட்டையை வைத்து மூடியதில் எதையோ விட்டிருப்பேன் சார் என்று சமாதானம் சொன்னாள். அவள் விடவில்லை என்று இருவருக்கும் தெரியும்.

பஸ் கூட்டேரிப்பட்டு தாண்டும்போது அவர் ஒற்றைத் தாளின் பின்பக்கத்தில் படம் போட ஆரம்பித்தார். வேறு எங்கேயும் காட்டியிருக்கவில்லை என்பது நினைவில் இருந்தது. ஆனால் இப்போது காட்டிவிட முடியாதா? சின்ன மரத்திலிருந்து தொடங்கினார். ஐந்து முனை வரை நடுமுனையானாலும் ஓரமுனையானாலும் 0 உட்கார்ந்தது. விக்கிரவாண்டி வருவதற்குள் நெஞ்சில் கொஞ்சம் காற்று வந்தது. அடுத்து ஆறு முனை. நடுவில் ஒரு முனை. அதன் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இடப்பக்கத்தில் இரண்டு இலை, வலப்பக்கத்தில் ஓர் இலை. நடுமுனைக்கு 0 கொடுத்தார். வித்தியாசம் 5 வர வேண்டுமானால் 0-க்குப் பக்கத்தில்தான் 5 இருக்க வேண்டும். இடப்பக்கம் 5 வைத்தால் மீதி நாலு எண்களைப் பன்னிரண்டு விதமாக வைக்கலாம். வலப்பக்கம் வைத்தாலும் பன்னிரண்டு. ஆக இருபத்து நாலு. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டீக்கடைப் பலகையில் உட்கார்ந்து, இருபத்து நாலையும் வரிசை எண் இட்டு எழுதினார். ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு வித்தியாசம் இரண்டு முறை வந்தது. இருபத்து நாலாவதுக்குப் பக்கத்தில் தவறு என்று எழுதி, பழக்கத்தில், தேதியும் போட்டார்.

அந்த மரத்துக்கே எண் கொடுக்க முடியாது என்பதல்ல. இடப்பக்க முனைக்கு 0 வைத்தால் சுலபமாக வந்துவிடுகிறது. நடுமுனைக்கு மட்டும் 0 வராது. பழைய கேள்வி பொய்யாகவில்லை. எப்போதும்போலத் திறந்தே கிடந்தது. அவர் போட்ட வழிதான் அங்கே போய்ச் சேரும் வழியே அல்ல.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வாரம் அவர் பார்த்தது மீதி என்ன என்பதை. 0 இருக்கும் இடத்திலும் n இருக்கும் இடத்திலும் மட்டும் இலை ஒட்டலாம் என்றால், எந்த மரங்களைக் கட்ட முடியும்? 0-வில் இலைகளை ஒட்டிக்கொண்டே போகலாம். திருப்பிப் போட்டால் கடைசியாக ஒட்டிய இலைக்கு 0 வரும். இனி அதில் ஒட்டலாம். மறுபடி திருப்பலாம். நீளமாக ஒரு முதுகெலும்பு, இரண்டு பக்கமும் மயிர் மயிராக இலை. கணிதக்காரர்கள் அதைக் கம்பளிப்பூச்சி மரம் என்கிறார்கள். அவருடைய அறுபத்து நாலு பக்கமும் சேர்ந்து நிரூபித்தது கம்பளிப்பூச்சி மரங்களுக்கு எண் கொடுக்கலாம் என்பதை. அது அவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த அறுபதுகளிலேயே தெரிந்த விஷயம். கல்லூரி நூலகத்தில் எடுத்துப் பார்த்தால் அதன் நிரூபணம் முழுதாக அரைப் பக்கம்.

4.2.2006 அன்று ராஜாமணியிடம் எல்லாவற்றையும் சொன்னார். ராஜாமணிக்கு அந்த மே மாதம் ஓய்வு. அவரிடம் ஆய்வு முடியாமல் இருந்த மாணவர் இவர் ஒருவர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இத யார்கிட்ட சொன்னீங்க?"

"இளவரசிக்குத் தெரியும் சார்."

"அந்தப் பொண்ணு பேசாது. பாருங்க விருத்தாசலம், ரெண்டாவது படின்னு தனியா எழுத வேணாம். துணைத்தேற்றங்களின்படின்னு ஒரே வரி. அவ்ளோதான். தேர்வாளருங்க அறுபத்து நாலு பக்கத்துல உக்காந்து பதினேழையும் முப்பத்தொண்ணையும் ஒப்பிட்டுக்கினு இருக்கப் போறாங்களா? நானே பாக்கல."

நானே பாக்கல என்பது மன்னிப்பாகவும் இருந்தது, யோசனையாகவும் இருந்தது. வழிகாட்டி ஏழு வருஷத்தில் அந்தக் கட்டை ஒரு முறையாவது முழுக்கப் படித்திருந்தால் என்று விருத்தாசலம் நினைத்துப் பார்த்தார். கோபம் வரவில்லை. நாலு தடவை படித்தவருக்கே தெரியாதது.

மார்ச் மாதம் முழுக்க அவரிடம் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, ராஜாமணி சொன்ன மாதிரி. உத்தி இருந்தது, துணைத்தேற்றங்களின்படி என்ற வரி இருந்தது, எல்லா மரங்களுக்கும் என்ற முடிவு இருந்தது. வாசித்தால் நன்றாகவே இருந்தது. இன்னொன்று இளவரசியின் தாளை வைத்து அவரே எழுதியது. உத்தி அதே. முதல் படி அதே. இரண்டாவது படியில், 0-ம் n-ம் உள்ள இரு முனைகளுக்கு மட்டும் இது செல்லும். ஆறு முனையுள்ள கீழ்க்கண்ட மரத்தில் நடுமுனைக்கு 0 வராது, ஆகவே இதை எல்லா முனைக்கும் நீட்ட முடியாது என்று எழுதி, படமும் போட்டிருந்தார். நிலைநாட்டுவது: கம்பளிப்பூச்சி மரங்களுக்கு எண் கொடுக்கலாம், இது முன்பே அறியப்பட்டது. ஆறு பக்கம் வேண்டியிருக்கவில்லை. ஒரு பக்கத்தில் முக்கால்வாசியோடு முடிந்தது. முதன்முறையாக அவருக்குச் சுருக்க வந்திருந்தது.

அந்த மாதமே விடைத்தாள் முகாமும் நடந்தது. மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் சம்பந்தமில்லாமல், சரியான விடையை மட்டும் கடைசியில் எழுதிய ஒரு தாள் அவர் திருத்தும் கட்டுக்குள் வந்தது. அப்படி எத்தனையோ தாள்கள் வந்திருக்கின்றன, யோசிக்காமல் அடித்துவிடுவார். அன்று பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு அடித்தார். 27-ஆம் தேதி, பதிவுத் தபாலில் இரண்டாவது தாள் போயிற்று.

போட்டுவிட்டு வந்து மனைவி பவானியிடம் சொன்னார். அவளுக்கு மரமும் முனையும் தெரியாது. பட்டம் வரும், வந்தால் சம்பளத்தில் இரண்டு படி உயரும், மாரியப்பன் வாயை மூடுவார் என்று அவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். முறத்தில் மல்லாட்டைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"நீங்க எழுதினது எல்லாம் தப்பா?"

"தப்பு இல்ல. ஒரு வரியும் தப்பு இல்ல. ஒரு எடத்துல அது சேரல."

"அப்ப பதிமூணு வருஷமா என்னதான் பண்ணிக்கினு இருந்தீங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"ஏற்கெனவே தெரிஞ்சத" என்றார்.

மல்லாட்டை உடைபடும் சத்தம் மறுபடி கேட்டது.

இளவரசி ஏப்ரலில் ஒரு கார்டு போட்டிருந்தாள். ராஜாமணி சார் மூலம் விஷயம் தெரிந்தது, அந்தக் கேள்வியை நான் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று எழுதியிருந்தாள். அவர் பதில் போடவில்லை. நீ கேட்காவிட்டாலும் அந்த இடம் அங்கேதான் இருந்திருக்கும் என்று எழுத நினைத்து, கார்டும் வாங்கினார். எழுத உட்கார்ந்தபோது அந்த ஒரு வரியும் ஆறுதலாக இருக்கவில்லை. அவளுக்கும் இருக்காது, தனக்கும் இல்லை. வாங்கியதும் பள்ளியில் மிஞ்சியதுமாகச் சேர்ந்த நோட்டுகள் பதினெட்டும் அச்சுக் கட்டும் பரணுக்குப் போயின. இளவரசி கொடுத்த ஒற்றைத் தாளை மட்டும் சட்டைப்பையில் வைத்திருந்தார். சில நாள் பள்ளியில் ஓய்வு நேரத்தில் அதைப் பிரித்து, இரண்டாவது படிக்குக் கீழே பென்சிலால் ஏதோ எழுதுவார், அழிப்பார். மடிப்பு விழுந்த இடத்தில் தாள் கிழிய ஆரம்பித்தது.

பள்ளியில் யாருக்கும் அவர் சொல்லவில்லை. கோடை விடுமுறை முடிந்து ஜூன் முதல் வாரம் பள்ளி திறந்த அன்று, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடக் குனிந்தவரின் முதுகில் தட்டி மாரியப்பன், "டாக்டரே, இந்த வருஷம் பட்டம் வந்துடும்ல? மாலைக்குச் சொல்லி வைக்கட்டுமா?" என்று கேட்டார். இந்த முறை அதில் கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார். விருத்தாசலம் கையெழுத்தைப் போட்டு, நேரத்தையும் எழுதிவிட்டு, வகுப்புக்கு நேரமாகிறது சார் என்றார்.

அடுத்த திங்கட்கிழமை தபால் வந்தது. பழுப்பு உறை, உள்ளே ஒற்றைத் தாள், நாலு வரி. சமர்ப்பித்த சுருக்கத்தில் புதிய முடிவு எதுவும் நிலைநாட்டப்படவில்லை என்று ஆய்வுக்குழு கருதுகிறது. தவணையும் முடிந்துவிட்டதால் பதிவு ரத்து செய்யப்படுகிறது. நாலு வரியில் ஒரு வரியையும் எடுக்க முடியாது. ஒன்றும் சேர்க்கவும் வேண்டியதில்லை. அவர் சிவப்புப் பேனாவை எடுத்து, உறையின் மேல் ஓரத்தில், வந்து சேர்ந்த தேதியைக் குறித்தார்: 12.6.2006.